பாடகியின் காதும் மைக்கின் காதும்

ஒரு ஏப்ரல் மாத மதியம். சென்னையில் என் அக்கா வீட்டின் பின்னறை. அக்கா மகள் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் ஒரு கீர்த்தனையைப் பாடிப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். கடையில் இருந்ததிலேயே வேகமானது என்று சொல்லி வாங்கிய, வீடியோ கேம் ஆடுபவர்களுக்கான லேப்டாப் அது. சீலிங் ஃபேனை நிறுத்தினோம், ஏசியை அணைத்தோம், ஜன்னலைச் சாத்தினோம். ஹெட்போனில் தம்புரா ஓடியது. பல்லவி முடிவதற்குள் அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"மாமா, தம்புரா நல்லாத்தான் கேக்குது. என் குரல்தான் என்னோடது மாதிரி இல்லை. ஷட்ஜத்துல நின்னா மெலிஞ்சு போகுது. மத்யமத்துக்குப் போனா திடீர்னு கனமா வருது."

எப்படியோ சமாளித்துப் பாடி முடித்தாள். பதிவைப் போட்டுக் கேட்டபோது இரண்டாவது குறை தெரிந்தது. அனுபல்லவியிலிருந்து மெதுவாக ஒரு 'உஸ்' ஏறிக்கொண்டே வந்து, சரணத்தில் குரலுக்குப் பின்னால் ஒரு சீழ்க்கை போல நின்றது. அது லேப்டாப்பின் உள்ளே இருக்கும் விசிறி.

முதல் குறை பாடகியின் காது சொன்னது. அது நேரம் பற்றியது. இரண்டாவது, மைக்கின் காது சொன்னது. அது வெப்பம் பற்றியது. வீட்டில் இசைப் பதிவுக்கு லேப்டாப் தேடுபவர் இந்த இரண்டையும் ஒரே இயந்திரத்திடம், ஒரே நேரத்தில் எதிர்பார்க்கிறார். வேகமும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்றால் விலை எங்கோ போய் நிற்கும். உண்மையில் இரண்டும் ஒரே வேளையில் தேவைப்படுவது அரிது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் எந்த லேப்டாப் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

வாளிக் கணக்கு

மைக்கிலிருந்து வரும் மின்னலையை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். கணினியின் ப்ராசஸர் ஒவ்வொரு சாம்பிளையும் வந்தவுடன் எடுத்துக் கவனிப்பதில்லை. அதற்கு வேறு நூறு வேலைகள் இருக்கின்றன. ஆகவே குழாயடியில் வாளி வைப்பதுபோல, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை சேரும் வரை சாம்பிள்களைச் சேர்த்து வைத்து, வாளி நிறைந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. அந்த வாளிதான் பஃபர். மென்பொருளில் Buffer Size என்ற இடத்தில் 64, 128, 256, 512, 1024 என்று தெரிவது அதன் கொள்ளளவு.

வாளி நிறைய எவ்வளவு நேரம்? 64 சாம்பிளை 48,000-ஆல் வகுத்தால் 1.33 மில்லிநொடி. 1024 என்றால் 21.3 மில்லிநொடி. உள்ளே வரும் வழியில் ஒரு வாளி, வெளியே போகும் வழியில் ஒரு வாளி. இவை தவிர அலையை எண்ணாக்கும் சில்லும், எண்ணை அலையாக்கும் சில்லும் தம் பங்குக்குச் சற்று நேரம் எடுக்கும். டிரைவர் மென்பொருள் தன் பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ளும்.

மொத்தத் தாமதத்தை வீட்டிலேயே அளக்கலாம். இன்டர்ஃபேஸின் வெளியீட்டுத் துளையையும் உள்ளீட்டுத் துளையையும் ஒரே கேபிளால் இணைத்து, ஒரு 'டிக்' ஒலியை ஓடவிட்டு, அதையே இன்னொரு டிராக்கில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு 'டிக்'குகளுக்கும் இடையே எத்தனை சாம்பிள் இடைவெளி என்று திரையில் பெரிதாக்கி எண்ண வேண்டும். மென்பொருள் தானாகச் செய்யும் தாமதத் திருத்தத்தை மட்டும் முன்பே நிறுத்திவிட வேண்டும். அன்று எங்கள் அமைப்பில் பஃபர் 64. இடைவெளி 360 சாம்பிள். அதாவது 7.5 மில்லிநொடி. இதில் இரண்டு வாளிகளின் பங்கு 128 சாம்பிள்தான். மீதி 232 சாம்பிள் சில்லுக்கும் டிரைவருக்கும் உரியது. பஃபரை 32 ஆக்கினாலும் மொத்தம் 296-க்குத்தான் இறங்கும். வாளியைப் பாதியாக்கினால் தாமதம் பாதியாகாது. இந்த மீதி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இன்டர்ஃபேஸும் அதன் டிரைவரும்தான். எவ்வளவு விலை கொடுத்து லேப்டாப் வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது.

ஏழரை மில்லிநொடி செய்யும் வேலை

7.5 மில்லிநொடி பெரிய தாமதமா? ஒலி காற்றில் ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். கச்சேரி மேடையில் பாடகரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரருக்குப் பாட்டு 6 மில்லிநொடி கழித்தே போய்ச் சேர்கிறது. தாளம் பிசகுவதில்லை. அப்படியானால் அக்கா மகளுக்கு ஏன் அவள் குரல் அந்நியமாகக் கேட்டது?

மிருதங்கக்காரருக்குப் பாட்டு ஒரு வழியில்தான் வருகிறது. பாடுகிறவருக்குத் தன் குரல் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, தாடையும் மண்டை எலும்பும் வழியாகத் தாமதமே இல்லாமல் உட்காதுக்கு வருவது. மற்றது, மைக், கணினி, ஹெட்போன் என்று சுற்றிக்கொண்டு வருவது. இரண்டும் காதுக்குள் கூடுகின்றன. ஒரே அலை இரண்டு பிரதியாக, முன்பின்னாகக் கூடும்போது சில சுருதிகளில் மேடும் மேடும் சேர்ந்து ஒலி பெருகும். சில சுருதிகளில் மேடும் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவள் பாடுவது ஐந்துக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில். ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ். 200 ஹெர்ட்ஸ் அலை ஒரு முறை ஏறி இறங்க 5 மில்லிநொடி ஆகும். 7.5 மில்லிநொடி என்பது சரியாக ஒன்றரைச் சுற்று. எலும்பு வழி வந்த அலை மேட்டில் இருக்கும்போது ஹெட்போன் வழி வந்த அலை பள்ளத்தில் இருக்கிறது. ஷட்ஜம் மெலிகிறது. சுத்த மத்யமம் ஷட்ஜத்தின் மூன்றில் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 267 ஹெர்ட்ஸ். 7.5 மில்லிநொடியில் அது இரண்டு முழுச் சுற்று சுற்றிவிடும். மேடும் மேடும் சேர்கின்றன; மத்யமம் கனக்கிறது. அவள் சொன்னது மிகத் துல்லியமான அளவீடு. எலும்புவழி ஒலி ஆளுக்கு ஆள் சற்று வேறுபடுவதால் மெலியும் இடமும் கனக்கும் இடமும் கொஞ்சம் நகரலாம். ஆனால் எங்கோ சில ஸ்வரங்கள் மெலியும், சில கனக்கும் என்பது மாறாது. தாமதத்தை 5 மில்லிநொடிக்குக் குறைத்தாலும் குழிகள் வேறு ஸ்வரங்களுக்கு இடம் மாறுமே தவிர மறைந்துவிடாது.

ஆகவே, இன்னும் வேகமான லேப்டாப் வாங்கினால் இந்தக் குறை தீரும் என்று நினைப்பது தவறு. தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது.

கணினியைச் சுற்றிக்கொண்டு போகும் வழி

பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் Direct Monitor என்றோ Mix என்றோ ஒரு சுவிட்ச் அல்லது திருகு இருக்கும். அதைப் போட்டால், மைக்கிலிருந்து வரும் குரல் கணினிக்குப் பதிவாகப் போகும்போதே ஒரு கிளை பிரிந்து நேரே ஹெட்போனுக்கும் போய்விடும். வாளிகளைத் தொடாத பாதை இது. மின்னலையாகவே திருப்பிவிடும் பெட்டிகளில் தாமதம் இல்லை என்றே சொல்லலாம்; எண்ணாக்கித் திருப்பும் பெட்டிகளிலும் மிகச் சிறிது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டர் பொத்தானை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நேர்வழிக் குரலும் சுற்றுவழிக் குரலும் சேர்ந்து பழைய குழப்பம் இரட்டிப்பாகும்.

இதைச் செய்த மறு நிமிடம் பஃபரை 1024-க்கு உயர்த்தினோம். தம்புரா 20 மில்லிநொடிக்கு மேல் தாமதமாகத்தான் ஹெட்போனுக்கு வருகிறது. வரட்டும். அவள் பாடுவது தன் காதில் விழும் தம்புராவோடு சேர்ந்துதான். பதிவான குரலை அந்தத் தாமத அளவுக்கு முன்னே இழுத்துச் சரியான இடத்தில் வைப்பது மென்பொருளின் வேலை. டிரைவர் அதற்குத் தாமதத்தைச் சொல்லிவிடுகிறது. சில டிரைவர்கள் அதைத் தவறாகச் சொல்லும். அப்போது ஒவ்வொரு பதிவும் ஒரே அளவு பிந்தியோ முந்தியோ விழும். அதே கேபிள் சோதனையைத் தாமதத் திருத்தத்தோடு மீண்டும் செய்து, மிஞ்சும் சாம்பிள் எண்ணிக்கையை மென்பொருளின் அமைப்பில் எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

ரிவர்ப் இல்லாமல் பாட வராது என்பவர்கள் உண்டு. குரலின் நேர் ஒலியை இன்டர்ஃபேஸிலிருந்தும், எதிரொலியை மட்டும் கணினியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். எதிரொலி என்பதே சுவரில் பட்டுத் தாமதமாக வருவது. அது இன்னும் 20 மில்லிநொடி பிந்தினால் கூடம் சற்றுப் பெரிதானதுபோல இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது லேப்டாப்புக்கு என்ன வேலை மிச்சம்? ஒரு வாளி நிறைய 21 மில்லிநொடி. அதற்குள் அதை எடுத்து டிஸ்க்கில் எழுத வேண்டும். 24 பிட், 48,000 சாம்பிள் அளவில் ஒரு குரல் ஐந்து நிமிடத்துக்கு 43 எம்பிதான். இரண்டு மைக்கின் ஒலியைக் கொண்டுபோக யுஎஸ்பி 2.0 தாராளம். சில ஆண்டு பழைய, நடுத்தர லேப்டாப் இதைத் தூங்கிக்கொண்டே செய்யும். தூங்குகிற ப்ராசஸர் சூடாவதில்லை.

வேகம் எப்போது வேண்டும்

அதே வீட்டில் அவள் தம்பி கீபோர்ட் வாசிக்கிறான். கட்டையை அழுத்தினால் பியானோ ஒலியை உருவாக்குவதே கணினிக்குள் இருக்கும் மென்பொருள்தான். இங்கே சுற்றிக்கொண்டு போக வேறு வழி கிடையாது. எலெக்ட்ரிக் கிட்டாரை இன்டர்ஃபேஸில் செருகி, ஆம்ப்ளிஃபையரின் ஒலியை மென்பொருளில் வரவழைப்பவருக்கும் இதே நிலைதான். இவர்களுக்கு 64, 128 என்ற சிறு வாளி வேண்டும். அது நிறைவதற்குள் அடுத்த வாளிக்கான ஒலி முழுவதையும் கணக்கிட்டு முடித்தாக வேண்டும். ஒரே ஒரு முறை பிந்தினாலும் ஒலியில் ஒரு 'டப்' விழும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. Task Manager-இல் ப்ராசஸர் 20 சதவீதம்தான் ஓடுகிறது என்று காட்டும். ஆனாலும் 'டப் டப்' என்று விழுந்துகொண்டே இருக்கும். அந்த 20 சதவீதம் நீண்ட நேரத்துச் சராசரி. ஒலிக்குச் சராசரி உதவாது. ஒவ்வொரு வாளிக்கும் தனித்தனிக் கெடு. விண்டோஸில் வைஃபை, பேட்டரி, கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அவ்வப்போது ப்ராசஸரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த டிரைவர் விடும் வரை ஒலிக்கான வேலை காத்திருக்க வேண்டும். 64 சாம்பிள் வாளிக்குக் கெடு 1,333 மைக்ரோநொடி. ஒரு டிரைவர் 2,000 மைக்ரோநொடி பிடித்து வைத்தால் கெடு தவறும். எட்டு கோர் இருந்தாலும், பதினாறு கோர் இருந்தாலும் இந்தப் பழுதுக்கு அவை மருந்தல்ல.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. LatencyMon என்ற இலவச மென்பொருளை இருபது நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்தது என்று பெயரோடு காட்டும். வைஃபையை அணைத்ததும் எண் இறங்கினால் குற்றவாளி தெரிந்துவிட்டது. அந்த டிரைவரைப் புதுப்பிக்கலாம், அல்லது வாசிக்கும் நேரம் மட்டும் வைஃபையை அணைத்து வைக்கலாம். எதை அணைத்தாலும் எண் இறங்கவே இல்லை என்றால், அந்த மாடலின் அமைப்பிலேயே கோளாறு இருக்கக்கூடும். திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

மேக் கணினிகளில் ஒலிக்கான பாதை இயங்குதளத்தோடே வருகிறது. விண்டோஸில், ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ASIO என்ற பாதைதான் இன்றும் ராஜபாட்டை. இன்டர்ஃபேஸ் செய்தவரே தம் பெட்டிக்கென்று ASIO டிரைவர் எழுதித் தருகிறாரா என்று வாங்கும் முன் பார்க்க வேண்டும். பொது டிரைவரை மட்டும் நம்பி விற்கப்படும் பெட்டிகளில் நாம் அளந்த அந்த 'மீதி' பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

இனி முக்கியமான செய்தி. தம்பி வாசிக்கும்போது ப்ராசஸர் சூடாகிறது, விசிறி இரைகிறது. இரையட்டுமே, அறையில் திறந்திருக்கும் மைக் எதுவும் இல்லை. அக்கா மகள் பாடும்போது மைக் திறந்திருக்கிறது. அப்போது ப்ராசஸருக்கு வேலை இல்லை. வேகமும் அமைதியும் முறை வைத்துக்கொண்டு வருகின்றன.

விசிறியின் சுருதி

அப்படியிருந்தும் அன்று விசிறி ஏன் இரைந்தது? மூன்று காரணங்கள். பஃபர் 64 என்பதால் ப்ராசஸர் நொடிக்கு 750 முறை எழுந்து வேலை செய்துகொண்டிருந்தது. கேம் லேப்டாப் என்பதால் சிறு வேலைக்கும் டர்போ வேகத்துக்குத் தாவியது. ஃபேனும் ஏசியும் நின்ற ஏப்ரல் மாத அறையில் நிமிடத்துக்கு நிமிடம் சூடு ஏறியது. சூடான காற்றை இழுத்துக் குளிர்விக்க விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருந்தது.

விசிறியின் ஒலியில் வெறும் காற்றின் 'உஸ்' மட்டும் இல்லை. ஒவ்வோர் இலையும் ஒரு முனையைக் கடக்கும்போது ஒரு தட்டு தட்டுகிறது. 37 இலை உள்ள விசிறி நிமிடத்துக்கு 3,600 முறை சுற்றினால் நொடிக்கு 60 சுற்று. 60-ஐ 37-ஆல் பெருக்கினால் 2,220 ஹெர்ட்ஸ். இது ஒரு ஸ்வரம். பாட்டின் சுருதியோடு சேராத ஸ்வரம். வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் பாட்டு தொடங்கும் முன் உள்ள அமைதியைக் கேட்டு, இதுதான் இரைச்சல் என்று கற்றுக்கொண்டு, அதைப் பாட்டு முழுவதிலும் கழிக்கும். பாட்டு நடுவே விசிறியின் சுருதி மாறிவிட்டால் கற்றது பயன்படாது. வற்புறுத்திக் கழித்தால் குரலின் கார்வை கரைந்து, தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல ஆகிவிடும். எனவே மெதுவாக, ஒரே சீராகச் சுற்றும் விசிறி, நின்று நின்று சீறும் விசிறியைவிட மேல்.

பதிவின்போது காதுக்குத் தெரியாத இரைச்சல் பிறகு தெரிவதற்கும் காரணம் உண்டு. குரலைச் சமன்படுத்த கம்ப்ரஸர் போட்டு 10 டெசிபெல் தூக்கினால், மெல்லிய இடங்களில் இருக்கும் விசிறியும் 10 டெசிபெல் தூக்கப்படும்.

வெப்பத்தை அடக்க ஒரு எளிய வழி டர்போவை நிறுத்துவது. சில்லு செலவழிக்கும் மின்திறன், வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை. மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. டர்போவில் இரண்டும் சேர்ந்து உயர்வதால் கொஞ்சம் வேகத்துக்கு நிறைய வெப்பம் விலையாகிறது. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் உச்ச அளவை 99 சதவீதம் என்று வைத்தால் டர்போ நின்றுவிடும்:

```
powercfg /setacvalueindex SCHEME_CURRENT SUB_PROCESSOR PROCTHROTTLEMAX 99
powercfg /setactive SCHEME_CURRENT
```

இது சார்ஜர் செருகியிருக்கும் நிலைக்கு. பழையபடி ஆக்க 99-க்குப் பதில் 100 கொடுத்தால் போதும்.

அடுத்தது இடம். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபெல் குறையும். மைக்கிலிருந்து அரை மீட்டரில் இருந்த லேப்டாப்பை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் நேர் ஒலி 12 டெசிபெல் குறையும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் எதிரொலி சேர்வதால் இவ்வளவு கிடைக்காது. ஒரு ஜமக்காளத்தையோ தடித்த போர்வையையோ தொங்கவிட்டால் கொஞ்சம் மீளும். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்புறம் காது மந்தம். பாடுகிறவர் முன்புறம், லேப்டாப் நேர் பின்புறம் என்று வைக்க வேண்டும். ஒரே மேசையில் இரண்டையும் வைக்கக்கூடாது. விசிறியின் அதிர்வு மரத்தின் வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறிவிடும்.

விசிறியே இல்லாத லேப்டாப்களும் உண்டு. 2020-இல் வந்த எம்1 சில்லு மேக்புக் ஏர் அப்படிப்பட்டது. மைக் பதிவுக்கு அதைவிட அமைதி வேறில்லை. அதற்கான விலை வேறு இடத்தில் இருக்கிறது: கனமான வேலையைத் தொடர்ந்து கொடுத்தால் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குரலும் சில டிராக்குகளும் என்றால் கவலை இல்லை. ஐம்பது டிராக் இசைக்கோவையை மணிக்கணக்கில் மிக்ஸ் செய்பவருக்கு, மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி உள்ள லேப்டாப்பே ஏற்றது.

வாங்கும் வரிசை

ஆகவே வரிசை இதுதான். முதலில் இன்டர்ஃபேஸ்: நேர்வழி மானிட்டர் இருக்கிறதா, சொந்த டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிறகு லேப்டாப். பாடுகிறவர், வீணையோ வயலினோ வாசிக்கிறவர் அமைதியைப் பார்த்து வாங்கலாம்; கணினிக்குள்ளிருந்து ஒலியை வரவழைப்பவர் கெடு தவறாத டிரைவர்களையும், ஒரு கோரின் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஒரே டிராக்கில் அடுத்தடுத்து அடுக்கிய எஃபெக்டுகள் பொதுவாக ஒரே கோரில்தான் ஓடும். கோர்களின் எண்ணிக்கை அங்கே கை கொடுக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஃபேனையும் ஏசியையும் அணைத்து, வழக்கமாகப் பாடும் இடத்தில் மைக்கை வைத்து, பதினைந்து நிமிடம் பதிவை ஓடவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு கடைசி ஒரு நிமிடத்தை 10 டெசிபெல் தூக்கிக் கேட்க வேண்டும். கடையின் ஏசியிலும் சந்தடியிலும் இந்தச் சோதனை நடக்காது.

அக்கா மகள் அந்த லேப்டாப்பை மாற்றவில்லை. பஃபர் 1024, டர்போ நிறுத்தம், லேப்டாப் மைக்கின் முதுகுக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் ஒரு ஸ்டூலின் மேல். மறுநாள் விடியற்காலை, அறை சூடாவதற்கு முன் அதே கீர்த்தனையைப் பாடினாள். ஷட்ஜத்தில் நின்றபோது ஹெட்போனைத் தொடவில்லை. பதிவைத் தூக்கிக் கேட்டபோது சரணத்தின் இடைவெளியில் விசிறியின் சீழ்க்கை இல்லை. அடுத்த அடிக்கு அவள் மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது.